வேர்டில் இருந்து ஒட்டிய கடிதம் மெயிலில் கலைந்து போகிறது: அனுப்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நொய்யல்கரை

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு மெயில் அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு ஒன்று அனுப்ப வேண்டும். மூன்று இடங்களிலிருந்து வந்ததை வேர்டில் சேர்த்து, அப்படியே ஜிமெயிலில் ஒட்டியிருக்கிறேன். முதல் பகுதி செயலாளர் வேர்டில் தட்டியது. இரண்டாவது, சங்கத் துணைவிதியிலிருந்து எடுத்த ஒரு பிரிவு, அது பிடிஎஃப். மூன்றாவது, கணக்குத் தணிக்கையாளர் தந்த குறிப்பு.

என் கம்ப்யூட்டரில் பார்த்தால் ஓரளவு ஒழுங்காகத் தெரிகிறது. சோதனைக்காகக் கமிட்டியில் உள்ள சிலருக்கு மட்டும் அனுப்பினேன். போனில் பார்த்தவர்கள் எல்லோரும் வேறு வேறு குறை சொல்கிறார்கள். ஒருவருக்குப் பத்திகளுக்கு நடுவே பெரிய இடைவெளி. இன்னொருவருக்குத் துணைவிதிப் பகுதி துண்டு துண்டாக உடைந்து நிற்கிறது. தமிழ் ஒரு அளவிலும் எண்கள் வேறு அளவிலும் இருப்பதாக மூன்றாமவர் சொல்கிறார். எல்லோருக்கும் அனுப்பும் முன் எதை எந்த வரிசையில் பார்ப்பது? வயதானவர்கள் நிறையப் பேர் போனில்தான் படிக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

மேட்டுத்தெரு

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம் நண்பரே. நோட்பேடில் ஒட்டுங்கள், அங்கிருந்து காப்பி செய்து மெயிலில் ஒட்டுங்கள். எல்லா அலங்காரமும் போய்விடும், சுத்தமாக வரும். பல வருடங்களாக நான் இதைத்தான் செய்கிறேன்.

சிறுவாணி

வேர்டில் Layout போய் மார்ஜினை Narrow என்று வையுங்கள். வரி உடைவது நின்றுவிடும். எங்கள் ஆபீஸில் பிரிண்ட் எடுக்கும்போது இதே பிரச்சினை இருந்தது.

நொய்யல்கரை

சிறுவாணி, இது பிரிண்டுக்கு இல்லை, மெயிலின் உடலில் ஒட்டுவதற்கு. பக்க மார்ஜின் மெயிலுக்குப் போகாது என்று நினைக்கிறேன்.

மேட்டுத்தெரு, நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். எழுத்து அளவு ஒரே சீராக வந்துவிட்டது, நன்றி. ஆனால் செயலாளர் எழுதிய பகுதியில் பத்திகள் எல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டன. தணிக்கையாளர் பகுதியில் மட்டும் இடைவெளி சரியாக இருக்கிறது. துணைவிதிப் பகுதி இன்னும் உடைந்தேதான் இருக்கிறது. ஒரே வேலையை எல்லாவற்றுக்கும் செய்தேன், மூன்றும் மூன்று விதமாக வருகிறது.

அச்சுக்கோப்பு

அந்த மூன்று விதமும் எதனால் என்று தெரிந்துவிட்டால் வேலை எளிது. புத்தக வடிவமைப்பு செய்கிறவன் நான், நாளெல்லாம் அடுத்தவர் தட்டிய கோப்புகளைத்தான் சுத்தம் செய்கிறேன்.

வேர்டில் அந்தக் கோப்பைத் திறந்து Ctrl+Shift+8 அழுத்துங்கள். மறைந்திருக்கும் குறிகள் தெரியும். பத்தி முடிகிற இடத்தில் ¶ வரும். Shift+Enter போட்டு வரியை மட்டும் உடைத்திருந்தால் வளைந்த அம்பு வரும். சாதாரண இடைவெளி நடுவில் ஒரு புள்ளியாகத் தெரியும். வார்த்தைகளைப் பிரியவிடாத இடைவெளி ஒன்று உண்டு; அது மேலே சிறு வட்டமாகத் தெரியும்.

இப்போது செயலாளரின் பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு பத்தி முடிவிலும் ஒரே ஒரு ¶ இருக்கும், நடுவில் வெற்று வரி இருக்காது. பத்திகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரிந்த இடைவெளி, வேர்டு தானாகப் போட்டது. 2013 முதல் வந்த வேர்டில் வழக்கமான அமைப்பு, பத்திக்குப் பின் 8 பாயிண்ட் இடைவெளி. அது எழுத்து இல்லை, அமைப்பு. நோட்பேடு அமைப்பைத் தூக்கி எறிந்துவிடும், அதனால் பத்திகள் ஒட்டிக்கொண்டன.

தணிக்கையாளர் பத்திக்குப் பத்தி இரண்டு முறை Enter தட்டியிருப்பார். அங்கே வெற்று வரியே ஒரு ¶ ஆக உட்கார்ந்திருக்கும். அது நோட்பேடிலும் பிழைக்கும், அதனால் இடைவெளி சரியாக வந்தது. ஆனால் அதையே நேரடியாக வேர்டிலிருந்து ஜிமெயிலில் ஒட்டினால், முதல் பத்திக்குப் பின் 8 பாயிண்ட், ஒரு வெற்று வரி, அந்த வெற்று வரிக்குப் பின் இன்னொரு 8 பாயிண்ட் என்று மூன்றும் சேர்ந்துவிடும். உங்கள் கமிட்டிக்காரர் சொன்ன பெரிய இடைவெளி அதுதான்.

ஆக, நோட்பேடு தப்பான வழி இல்லை. அதற்குள் போவதற்கு முன் கோப்பை ஒரே முறைக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

மேட்டுத்தெரு

சரி, இது எனக்குப் புதிது. நான் எழுதும்போதே இரண்டு Enter தட்டுகிற பழக்கம், அதனால் எனக்கு எப்போதும் சரியாகவே வந்திருக்கிறது.

வடலி

என்ரை பிரச்சினை இதோடு சேருமா தெரியவில்லை, கேட்கிறேன். நான் யாழ்ப்பாணம். எங்கட பழைய மாணவர் சங்கக் கடிதங்கள் எல்லாம் பாமினியில்தான் தட்டுவார்கள். வேர்டில் அழகாக இருக்கும். மெயிலில் ஒட்டினாலும் என் கணினியில் அழகாகத்தான் இருக்கும். கனடாவில் இருக்கிறவர்களுக்குப் போனால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறதாம். `tzf;fk;` என்று தொடங்குகிறதாம் கடிதம்.

அச்சுக்கோப்பு

சேரும் வடலி, நன்றாகவே சேரும். பாமினியில் கோப்புக்குள் இருப்பது தமிழ் இல்லை. `tzf;fk;` என்கிற ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. t இருக்கும் இடத்தில் வ வடிவத்தையும், z இருக்கும் இடத்தில் ண வடிவத்தையும் அந்த எழுத்துரு வரைந்து காட்டுகிறது. உங்கள் கணினியில் பாமினி இருப்பதால் வணக்கம் என்று தெரிகிறது. மெயிலோடு எழுத்துரு போகாது, அதன் பெயர் மட்டும்தான் போகும். அங்கே பாமினி இல்லாத போனில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

சோதிப்பது எளிது. மெயிலில் Ctrl+Shift+V கொடுத்து ஒட்டுங்கள், அது எழுத்துரு இல்லாமல் ஒட்டும். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு, கவலை இல்லை. ஆங்கில எழுத்தாக வந்தால் பாமினி போன்ற பழைய முறை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கடிதத்துக்குள் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருக்கும் பெயர், மெயில் முகவரி, இணைய முகவரி எல்லாமும் தமிழ் எழுத்தாக மாறிக் கெட்டுவிடும். அவற்றை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, மாற்றிய பிறகு திரும்பச் சேருங்கள்.

வடலி

விளங்குது. சந்தா அனுப்புற வங்கி விபரம் ஆங்கிலத்தில் இருக்கு. அதைத் தனியே எடுத்து வைக்க வேணும். நன்றி அண்ணை.

நொய்யல்கரை

குறிகளைப் போட்டுப் பார்த்தேன். அச்சுக்கோப்பு சொன்னது அப்படியே இருக்கிறது. துணைவிதிப் பகுதியில் ஒவ்வொரு வரி முடிவிலும் ¶ நிற்கிறது. போனில் அது எப்படித் தெரிகிறது என்று ஒருவர் படம் அனுப்பினார். இப்படி இருக்கிறது:

```
சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம் பற்றிய
அறிவிப்பு
உறுப்பினர் அனைவருக்கும் எழுத்து மூலம்
தரப்பட
வேண்டும். கூட்டம் நடக்கும் நாள், நேரம்,
இடம்
```

அச்சுக்கோப்பு

நீளம், குட்டை, நீளம், குட்டை என்று சீப்புப் பல் மாதிரி வந்தால் அது பிடிஎஃப்பிலிருந்து வந்த வரி உடைப்புதான். பிடிஎஃப்பில் பொதுவாகப் பத்தி என்று ஒன்று இருக்காது. தாளின் எந்த இடத்தில் எந்த வரி என்பதுதான் இருக்கும். காப்பி செய்யும்போது வரிக்கு ஒரு முறிவு வந்துவிடும். தாளின் அகலத்துக்கு முறிந்த வரி போனில் அடங்காது. ஒரு வார்த்தை கீழே விழுகிறது, உடனே பழைய முறிவும் வருகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் போன் தேவையில்லை. ஜிமெயிலில் எழுதும் பெட்டியை முழுத் திரைக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், பிறகு சின்னதாக்கிப் பாருங்கள். பெட்டி விரிந்தபோது கூடவே விரியாமல் பாதியில் நிற்கிற வரிகளெல்லாம் கையால் உடைந்தவை. நான் எந்த மெயிலுக்கும் இந்த ஒன்றையாவது செய்யாமல் அனுப்புவதில்லை.

சரிசெய்ய, துணைவிதிப் பகுதியை மட்டும் வேர்டில் தேர்ந்தெடுத்துக்கொண்டு Ctrl+H திறந்து, இந்த மூன்று மாற்றையும் இதே வரிசையில் செய்யுங்கள். இடப்பக்கம் தேட வேண்டியது, வலப்பக்கம் மாற்ற வேண்டியது.

```
^p^p   →  @@
^p     →  ஒரு இடைவெளி
@@     →  ^p
```

முதல் மாற்று உண்மையான பத்தி முடிவுகளைக் காப்பாற்றி வைக்கிறது. இரண்டாவது, வரி உடைப்புகளை எடுக்கிறது. மூன்றாவது, பத்திகளைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும், மீதிக் கோப்பிலும் தேடட்டுமா என்று வேர்டு கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் செயலாளரின் பத்திகளும் சேர்ந்து ஒன்றாகிவிடும்.

ஒரு வரம்பு உண்டு. பிடிஎஃப்பில் பத்திக்கு நடுவே வெற்று வரி வரவில்லை என்றால் `^p^p` எதையும் பிடிக்காது, முழுப் பகுதியும் ஒரே பத்தியாகிவிடும். அப்போது உட்பிரிவு எண்ணைப் பார்த்துக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

நொய்யல்கரை

அதுதான் நடந்தது, மூன்று உட்பிரிவும் ஒன்றாகிவிட்டன. எண்கள் இருந்ததால் கையால் பிரித்துவிட்டேன். ஆனால் இன்னொன்று கண்ணில் பட்டது. அதே பகுதியில் "கொண்டு" என்பது "ெகாண்டு" என்று இருக்கிறது. "பொது" சில இடத்தில் "ெபாது" என்று இருக்கிறது. இதுவும் எழுத்துருக் கோளாறா?

கூடலூர் ஆசிரியை

இதை நானும் கேட்க நினைத்தேன். பாடத்திட்டம் பிடிஎஃப்பாக வருகிறது. அதிலிருந்து எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பினால் கொம்பு எல்லாம் முன்னால் ஓடிவிடுகிறது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை.

அச்சுக்கோப்பு

எழுத்துருவை மாற்றினால் சரியாகாது டீச்சர். "கொ" என்பதைத் தாளில் வரையும்போது கொம்பு, க, கால் என்று இடமிருந்து வலமாக மூன்று வடிவம் வைக்கப்படுகிறது. சில பிடிஎஃப்களில் காப்பி செய்யும்போது வரைந்த வரிசையிலேயே வந்துவிடும். யூனிகோடில் க முதலில் வர வேண்டும், உயிர்க்குறி அதன் பின்னால். வரிசை மாறியதால் கொம்பு தனியாக, பல இடங்களில் ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும்.

கண் தவறவிடும் இடங்களும் உண்டு. "தலைவர்" போன்ற வார்த்தை கெட்டிருந்தால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வேறு வார்த்தையாகப் படிக்கும். அதனால் பிடிஎஃப்பில் இருந்து எடுத்த பகுதியில் ெ, ே, ை, ொ, ோ வருகிற வார்த்தைகளை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். "கொண்டு" என்று தட்டி Ctrl+F தேடிப் பார்ப்பதும் ஒரு வழி. கண்ணுக்கு அந்த வார்த்தை இருந்தும் தேடல் பிடிக்கவில்லை என்றால் உள்ளே கெட்டிருக்கிறது.

பகுதி சின்னது என்றால் திரும்பத் தட்டிவிடுவதே நேரம் மிச்சம். நீளமானது என்றால், பிடிஎஃப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, ரைட் கிளிக் செய்து Open with, Google Docs என்று திறங்கள். பல நேரம் அது பக்கத்தைப் படமாகப் பார்த்து எழுத்தாக்கித் தரும், தமிழுக்கும் வேலை செய்யும். ஆனால் எண்களையும் தேதிகளையும் மூலத்தோடு ஒப்பிடாமல் விடாதீர்கள்.

கோப்பு எண்

நான் அலுவலகத்தில் அவுட்லுக் பயன்படுத்துகிறேன், அதன் கணக்கு கொஞ்சம் வேறு. ஒட்டியதும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் Keep Source Formatting, Merge Formatting, Keep Text Only என்று இருக்கும். நான் எப்போதும் Merge Formatting தான் எடுப்பேன். எழுத்துரு மெயிலுடையதாக மாறிவிடும், தடித்த எழுத்து அப்படியே நிற்கும். Keep Text Only எடுத்தால் தடித்த எழுத்து, இணைப்பு, அட்டவணை எல்லாம் போய்விடும். திரும்ப உட்கார்ந்து போட வேண்டும். ஒரு நோட்டீஸில் கூட்ட நாள் தடித்து இருப்பது முக்கியம், அதனால் வெறும் எழுத்தாக ஒட்டுவதை நான் ஏற்கவில்லை.

அச்சுக்கோப்பு

டெஸ்க்டாப் அவுட்லுக்குக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே ஒட்டியபின் Ctrl+Space எழுத்து அமைப்பை எடுக்கும், Ctrl+Q பத்தி அமைப்பை எடுக்கும், இரண்டும் கையில் இருக்கட்டும். ஜிமெயிலில் அந்தப் பெட்டி கிடையாது. Ctrl+\ கொடுத்தால் எழுத்துரு, அளவு, நிறம், தடிப்பு எல்லாம் போகும். வேர்டு போட்ட பத்தி இடைவெளி பெரும்பாலும் போகாமல் நிற்கும். அதனால் ஜிமெயிலுக்கு வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டு, தடிக்க வேண்டிய இரண்டு மூன்று இடங்களை அங்கேயே தடிப்பதைத்தான் நான் நம்புகிறேன்.

தமிழுக்கு இதில் கூடுதல் காரணம் இருக்கிறது. நொய்யல்கரை, எண் ஒரு அளவும் தமிழ் ஒரு அளவும் என்று சொன்னீர்களே. வேர்டில் Ctrl+D அழுத்திப் பாருங்கள். Latin text என்று ஒரு கட்டமும், Complex scripts என்று ஒரு கட்டமும் தனித்தனியாக இருக்கும். தமிழ் இரண்டாவது கட்டத்தைப் பின்பற்றும், எண்ணும் ஆங்கிலமும் முதல் கட்டத்தைப் பின்பற்றும். எழுத்துருவும் அளவும் இரண்டிலும் வேறாக இருக்கலாம். அது அப்படியே மெயிலுக்குப் போகும். ஒட்டிய பத்தியின் மேல் ரைட் கிளிக் செய்து Inspect பார்த்தால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
<p class="MsoNormal" style="margin:0in 0in 8pt">
<span lang="TA" style="font-size:11pt;
font-family:Latha,sans-serif">
```

லதா விண்டோஸுக்கான எழுத்துரு, போன்களில் கிடையாது. ஆண்ட்ராய்டு தன்னிடம் உள்ள தமிழைப் போடும், ஐபோன் தன்னிடம் உள்ளதைப் போடும். அளவு மட்டும் 11 என்று கட்டளையாகப் போய்விடும், எண்ணுக்கு வேறு கட்டளை. வெறும் எழுத்தாக ஒட்டினால் கட்டளையே இல்லை. படிக்கிறவர் தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் அதையே பின்பற்ற வாய்ப்பு அதிகம். வயதானவர்கள் படிக்கிறார்கள் என்றீர்கள், அவர்களுக்கு இதுதான் வசதி.

கோப்பு எண்

அட்டவணை இருந்தால்? எங்கள் கடிதங்களில் பாதிக்கு மேல் அட்டவணைதான்.

அச்சுக்கோப்பு

அட்டவணைக்கு வெறும் எழுத்து உதவாது, ஒப்புக்கொள்கிறேன். நான் அதை மட்டும் தனியாக, அமைப்போடு ஒட்டுவேன். மூன்று நெடுவரிசைக்கு மேல் இருந்தால் போனில் எப்படியும் பக்கவாட்டில் வெட்டுப்படும், அதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை.

மேட்டுத்தெரு

ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தினால் Plain text mode என்று இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை அல்லவா?

அச்சுக்கோப்பு

வேண்டாம். அதில் தடித்த எழுத்தே போட முடியாது. அதைவிட, அனுப்பும்போது சுமார் 78 எழுத்துக்கு ஒருமுறை அது தானே வரியை உடைக்கும். பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உடைப்பைச் சரிசெய்துவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்வதாகிவிடும். Ctrl+Shift+V போதும்.

நொய்யல்கரை

இதுவரை செய்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

வேர்டில் துணைவிதிப் பகுதியின் வரி உடைப்புகளை எடுத்தேன். கொம்பு கெட்ட வார்த்தைகளைத் திரும்பத் தட்டினேன். அப்புறம் மூன்று பகுதியையும் ஒரே முறைக்குக் கொண்டுவர, முதலில் `^p^p` என்பதை `^p` ஆக்கி, இனி எதுவும் இல்லை என்று காட்டும் வரை திரும்பத் திரும்ப ஓட்டினேன். எல்லாப் பத்தியும் ஒற்றை ¶ ஆனது. கடைசியாக ஒருமுறை மட்டும் `^p` என்பதை `^p^p` ஆக்கினேன். இப்போது கோப்பு முழுவதும் பத்திக்கு ஒரு வெற்று வரி. அதை Ctrl+Shift+V கொடுத்து ஜிமெயிலில் ஒட்டினேன். நாள், நேரம், இடம் மூன்றையும் அங்கேயே தடித்தேன்.

சிக்கல் ஒன்று: கீழே செயலாளரின் பெயர், பதவி, சங்க முகவரி எல்லாம் வரிக்கு வரி இருந்தது. அதற்கு நடுவிலும் வெற்று வரி வந்துவிட்டது.

அச்சுக்கோப்பு

வரிசை சரி. முகவரி, கையெழுத்துப் பகுதி, நிகழ்ச்சி நிரல், இவற்றில் வரி உடைப்பு வேண்டுமென்றே போட்டது. அந்த வரிகளை முன்கூட்டியே Shift+Enter ஆக மாற்றிவிட்டால் அவை வளைந்த அம்பாகிவிடும், `^p` மாற்று அவற்றைத் தொடாது. இப்போது ஒட்டியாகிவிட்டது என்றால் மெயிலிலேயே வெற்று வரிகளை அழித்துவிடுங்கள், நாலைந்து வரிதானே.

இன்னொன்று. வேர்டில் `^s` என்று தேடிப் பாருங்கள். பிரியாத இடைவெளி அகப்பட்டால் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள். இணையப் பக்கத்திலிருந்து எடுத்த பகுதியில் இது அதிகம். நோட்பேடு இதை எடுக்காது. மெயிலில் நாலு வார்த்தை சேர்ந்தே அடுத்த வரிக்குத் தாவி, வலப்பக்கம் பெரிய வெற்றிடம் விட்டால் இதுதான் காரணம். ஆனால் "ரூ. 500" மாதிரி இடங்களில் யாராவது தெரிந்தே போட்டிருக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

நொய்யல்கரை

தணிக்கையாளர் பகுதியில் ஒரு கொத்து அகப்பட்டது, மாற்றிவிட்டேன். கமிட்டிக்கு மறுபடி அனுப்பினேன். ஆண்ட்ராய்டு, ஐபோன், ஒருவருடைய லேப்டாப் அவுட்லுக், மூன்றிலும் பத்திகள் சீராக இருக்கின்றன. எண்ணும் தமிழும் ஒரே அளவு.

ஒருவர் மட்டும், போனில் கருப்புப் பின்னணி வைத்திருக்கிறார், முதல் சோதனை மெயிலில் தணிக்கையாளர் பகுதி வெள்ளைப் பட்டையாகத் தெரிந்ததாகச் சொன்னார். இப்போது அது இல்லை.

கூடலூர் ஆசிரியை

கருப்புப் பின்னணி பற்றி எனக்கும் கேள்வி உண்டு. நான் வெறும் எழுத்தாகத்தான் ஒட்டுகிறேன், இருந்தும் ஒரு பெற்றோருக்குத் தலைப்பு மட்டும் படிக்க முடியாமல் மங்கலாகத் தெரிகிறதாம்.

அச்சுக்கோப்பு

தலைப்புக்கு ஒட்டிய பிறகு நிறம் கொடுத்தீர்களா? கருநீலம், கரும்பச்சை போன்றவை வெள்ளையில் நன்றாக இருக்கும், கருப்பில் மூழ்கிவிடும். சில செயலிகள் நிறத்தைத் தாமே மாற்றிக்கொள்கின்றன, சில மாற்றுவதில்லை. எது எப்போது மாற்றும் என்று உறுதியாகச் சொல்கிற விதி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

கூடலூர் ஆசிரியை

ஆமாம், கருநீலம் கொடுத்தேன். நிறம் இல்லாமல் தடித்து மட்டும் அனுப்பிவிட்டு வந்து சொல்கிறேன்.

கோப்பு எண்

அந்தப் பெற்றோர் எந்தச் செயலியில் படிக்கிறார் என்றும் கேட்டு எழுதுங்கள் டீச்சர். எங்கள் அலுவலகத்தில் தலைப்புக்கு நிறம் கட்டாயம், எடுக்க முடியாது. எந்த நிறம் இரண்டு பின்னணியிலும் தாங்குகிறது என்று யாராவது சோதித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.